P-இல் பூட்டிக்கொண்ட கார்: பிரேக் லைற்றும் ஷிஃப்ட் லொக்கும்

ஓட்டோ கியர் கார் ஒன்று P-ஐ விட்டு அசைய மறுத்தால், கியர் லீவரோடு மல்லுக்கட்டுவதற்கு முன் ஒருவரைக் காருக்குப் பின்னால் அனுப்பிப் பாருங்கள். நீங்கள் பிரேக்கை மிதிக்கும்போது பின்னால் சிவப்பு லைற் எரிகிறதா என்று அவர் சொல்லட்டும். லீவர் ஏன் பூட்டிக்கிடக்கிறது என்ற கேள்விக்கு அநேகமாகப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். லீவரும் அந்தச் சிவப்பு லைற்றும் ஒரே ஒரு சின்னச் சுவிச்சை நம்பித்தான் இயங்குகின்றன. குடாநாட்டில் ஓட்டோ கார் வைத்திருக்கும் பலருக்கு இந்தத் தொடர்பு சொல்லப்படாமலே போய்விட்டது. அதனால் லீவர் பூட்டிக்கொண்டால் கியர்பெட்டி பழுது என்று பயந்து காசு செலவழிக்கிறார்கள். அல்லது பொத்தான் ஒன்றை அழுத்தி விடுவித்துக்கொண்டு, பிரேக் லைற் எரியாத காரிலே ஏ9 வீதியில் போகிறார்கள். முதலாவது வீண் செலவு, இரண்டாவது உயிராபத்து.

இந்த அறியாமைக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்து வீதிகளில் ஓடியவை ஒஸ்ரின், மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்கள். பெற்றோல் கிடைக்காத நாட்களில் அவற்றை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அவற்றின் மின்னமைப்பு எளிமையானது, கிளச் மிதித்துக் கியர் மாற்றவேண்டும், பழுதானால் ஒழுங்கையில் நின்றபடியே திருத்திவிடலாம். 2009-இல் போர் முடிந்து ஏ9 பாதை நிரந்தரமாகத் திறந்தபின் ஜப்பானில் ஓடித் திருத்தப்பட்டு வந்த கார்கள் குடாநாட்டுக்குள் பெருகின. விற்ஸ், அக்சியோ, வாகன் ஆர், அக்குவா, பிறியஸ், ஹொண்டா ஃபிற் எனப் பெரும்பாலும் ஓட்டோ கியர். மூன்று பெடலோடு பழகிய கால்கள் இரண்டு பெடலுக்கு மாறின. காரின் கையேடு ஜப்பானிய மொழியில் இருந்தது, அல்லது இறக்குமதியின்போதே காணாமற் போயிருந்தது. கண்ணாடிக்குக் கீழே உள்ள திரையில் வரும் அறிவிப்பும் பல கார்களில் ஜப்பானிய எழுத்திலேயே வருகிறது. அதை ஆங்கிலத்துக்கு மாற்றும் வசதி பல ஜப்பான் உள்நாட்டு மொடல்களில் இல்லை.

பிறகு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் இருந்த கார்களையே மக்கள் வைத்து ஓட்டினார்கள். அதனால் வீதியில் இன்று காணும் கார்களில் பத்து வயதைக் கடந்தவை ஏராளம். பிரேக் சுவிச் போன்ற சின்ன உறுப்புகள் தேய்ந்துபோகும் வயது அது. ஆகவே இந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று ஒருமுறை விளங்கிக்கொள்வது நல்லது.

லீவர் P-இல் இருக்கும்போது கியர்பெட்டிக்குள் ஒரு கொக்கிப் பல், பல்சக்கரம் ஒன்றின் இடுக்கில் விழுந்து சில்லுகளைப் பிடித்து வைத்திருக்கும். அது காரை நிறுத்தி வைக்கும் பிடி. ஷிஃப்ட் லொக் அதிலிருந்து வேறான ஒன்று. அது லீவருக்கு அடியிலே, கொன்சோலுக்குள் இருக்கிறது: மின்காந்தத்தால் இழுக்கப்படும் ஒரு சின்ன ஊசி. சாவி ON நிலையில் இருந்து, பிரேக் பெடல் மிதிக்கப்பட்டால் மட்டும் மின்சாரம் அந்தக் காந்தத்துக்குப் போகும், ஊசி விலகும், லீவர் நகரும். அமைதியான இடத்தில் நின்று பிரேக்கை மிதித்தால் லீவரின் அடியில் மெல்லிய 'டிக்' சத்தம் கேட்கும். அது ஊசி விலகும் சத்தம்.

பிரேக் மிதிக்கப்பட்டது என்பதைக் காருக்குச் சொல்வது யார்? பிரேக் பெடலின் கைக்கு மேலே, டாஷ்போட்டின் அடியில் ஒளிந்திருக்கும் ஸ்ரொப் லைற் சுவிச். பெடல் ஓய்வில் இருக்கும்போது அதன் முனையை அழுத்திப் பிடித்திருக்கும். மிதித்ததும் முனை வெளியே வரும், உள்ளே இணைப்பு சேரும், பின்னால் லைற் எரியும், அதே சைகை ஷிஃப்ட் லொக்குக்கும் போகும். பொத்தான் அழுத்தி ஸ்ரார்ட் செய்யும் கார்களில் அதுவே எஞ்சினைத் தொடங்கவும் அனுமதி கொடுக்கிறது. ரொயோட்டா கார்கள் பலவற்றில் பிரேக்கை மிதித்தவுடன் ஸ்ரார்ட் பொத்தானில் உள்ள சின்ன விளக்கு பச்சையாவதைக் கவனித்திருப்பீர்கள். சாவி அருகில் இருந்தும், பற்றரி நலமாக இருந்தும், மிதித்தபின் அது பச்சையாகவில்லை என்றால் சந்தேகம் முதலில் அந்தச் சுவிச்சின்மேல்தான் விழவேண்டும்.

இப்படியொரு பூட்டை ஏன் வைத்தார்கள் என்பதற்குப் பின்னால் ஒரு பெரிய சர்ச்சை இருக்கிறது. 1980-களில் அமெரிக்காவில் ஔடி 5000 என்ற கார், P-இலிருந்து மாற்றும் கணத்தில் தானாகவே சீறிப் பாய்கிறது என்று முறைப்பாடுகள் எழுந்தன. 1986 நவம்பரில் சி.பி.எஸ். தொலைக்காட்சியின் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சி அதை நாடு முழுவதும் கொண்டுசென்றது. 1987-இல் ஔடி அந்தக் கார்களைத் திரும்ப அழைத்து, பிரேக்கை மிதித்தால் மட்டும் கியர் மாறும் பூட்டைப் பொருத்திக் கொடுத்தது. 1989-இல் அமெரிக்க அரசின் வீதிப் பாதுகாப்பு நிறுவனம் விசாரித்து வெளியிட்ட முடிவு, பெரும்பாலான சம்பவங்களில் ஓட்டுநர் பிரேக் என்று நினைத்து அக்ஸிலேற்றரை மிதித்ததே காரணம் என்றது. அதன்பின் இந்தப் பூட்டு உலகெங்கும் ஓட்டோ கார்களில் பரவியது. P-ஐ விடும் கணத்தில் கால் பிரேக்கில் இருக்கும் என்ற உறுதியை அது தருகிறது. P-ஐ விட்டபின் கால் தவறினால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கவும் கூடாது.

இரண்டாவது காரணம் பிள்ளைகள். சாவியோடு விடப்பட்ட காரில் ஏறி விளையாடும் பிள்ளை லீவரை இழுத்துவிட்டால், பூட்டு இல்லாத கார் உருண்டு போய்விடும். அமெரிக்காவில் 2008-இல் சட்டமான, வாகனங்களால் பிள்ளைகளுக்கு நேரும் விபத்தைத் தடுக்கும் சட்டம் இதைக் கட்டாயமாக்கியது. 2010 செப்டெம்பர் முதல் தயாரிக்கப்படும் ஓட்டோ கார்களில் பிரேக்கை மிதிக்காமல் P-ஐ விட்டு மாற்ற முடியாதபடி செய்யவேண்டும் என்பது அதன் விதி. நமது வீடுகளில் வளவுக்குள் கார் நிற்கும், பிள்ளைகள் அதைச் சுற்றி விளையாடும். இந்தப் பூட்டைக் கழற்றிவிட்டு ஓட்டுவது பெரிய விடயமல்ல என்று சொல்பவர்களுக்கு இந்த ஒரு காரணம் போதும்.

இனித் திரையில் வரும் அறிவிப்பு. லீவர் கேபிள் மூலம் இயங்கும் பழைய முறைக் கார்களில் அறிவிப்பே வராது. லீவர் மட்டும் நகராது. மின்னணு முறையில் கியர் மாறும் கார்களிலும், சற்று உயர்ந்த மொடல்களிலும், பிரேக்கை மிதிக்கும் பாதத்தின் படமோ, பிரேக்கை மிதிக்கச் சொல்லும் வாசகமோ தோன்றும். ஜப்பானியத் திரையில் `ブレーキ` என்ற எழுத்துக்களைக் கண்டால் அது 'பிரேக்' என்று அறிந்துகொள்ளுங்கள். கியர் மாற்ற முயலும்போது இந்தச் சொல் தோன்றினால், பெரும்பாலும் கார் சொல்வது ஒன்றே: 'பிரேக் மிதிக்கப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை'. நீங்கள் மிதிக்காமலும் இருக்கலாம், மிதித்தும் செய்தி போய்ச் சேராமலும் இருக்கலாம். இந்த இரண்டையும் பிரித்தறிவதுதான் முழு வேலையும்.

மிதித்தது போதாமல் போகும் வாய்ப்பை முதலில் பார்ப்போம். எஞ்சின் நின்றபின் பிரேக்கை இரண்டு மூன்று தடவை மிதித்தால், மிதிக்க உதவும் வெற்றிடம் தீர்ந்துவிடும். பெடல் கல்லைப்போல் இறுகும். காலையில் காரில் ஏறும்போது பெடல் இறுகியிருப்பது இதனால்தான். அந்த நேரம் மென்மையாகத் தொட்டால் பெடல் போதிய தூரம் கீழே போகாது, சுவிச் இயங்காது. இன்னும் பலமாக, காலின் முழு அழுத்தத்தோடு மிதித்துப் பாருங்கள். பெடலுக்கு அடியில் விலகிக் கிடக்கும் தரைவிரிப்பு, தவறி விழுந்த தண்ணீர்ப் போத்தல் ஆகியவையும் பெடலைத் தடுக்கும். இவை ஓட்டத்திலும் ஆபத்தானவை என்பதால் கையோடு எடுத்துவிடுங்கள்.

அது சரியான பின்னும் லீவர் அசையவில்லை என்றால் என்ன செய்வது? சாவி போட்டுத் திருப்பும் விற்ஸ் கார் ஒன்று நெல்லியடியில் ஒரு வீட்டு வளவில் மதில் முன்னே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுபவர் சாவியை ON-க்குத் திருப்புகிறார், டாஷ்போட்டில் விளக்குகள் எரிகின்றன, பிரேக்கைப் பலமாக மிதிக்கிறார். 'டிக்' சத்தம் இல்லை. லீவரின் கைப்பிடியில் உள்ள பொத்தான் உள்ளேயே போக மறுக்கிறது. பொத்தான் உள்ளே போகாமல் நிற்பது முக்கியமான தடயம்: பல கார்களில் ஷிஃப்ட் லொக் தடுக்கும்போது அது அப்படித்தான் நிற்கும். பொத்தான் உள்ளே போயும் லீவர் மட்டும் இறுகி இழுக்க முடியாமல் இருந்தால், கதை வேறு. அதைப் பிறகு பார்ப்போம்.

பின்னால் நிற்பவர் பார்க்கிறார். வலப்பக்கமும் இடப்பக்கமும் பிரேக் லைற் இல்லை, நடுவில் இருக்கும் மூன்றாவது லைற்றும் இல்லை. மூன்றும் ஒரே நேரத்தில் அணைந்திருந்தால் குமிழ்கள் பழுதானதாக இருக்காது. மூன்று குமிழ்களும் ஒரே நாளில் எரிந்துபோவது அரிது. அதோடு, குமிழ் எரிந்து போவதாலேயே லீவர் பூட்டிக்கொள்வது வழக்கமல்ல. சைகை சுவிச்சிலிருந்து பிரிந்து போவதால், குமிழ் இல்லாமலும் ஷிஃப்ட் லொக்குக்குச் செய்தி போகும். ஆகவே மிச்சம் இரண்டுதான்: பியூஸ், அல்லது சுவிச்.

பியூஸைப் பார்ப்பது எளிது. ஓட்டுநர் பக்க டாஷ்போட்டின் அடியிலோ எஞ்சின் பக்கத்திலோ உள்ள பெட்டியின் மூடியில் `STOP` என்று குறித்திருக்கும். சிறிய கார்களில் அது பெரும்பாலும் 7.5 அல்லது 10 அம்பியர், 7.5 என்றால் கபிலநிறம், 10 என்றால் சிவப்பு. கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே உள்ள உலோக இழை அறுந்திருப்பது தெரியும். அறுந்திருந்தால் அதே அளவுள்ள புதியதைப் போடவேண்டும். பெரிய அளவைப் போட்டுவிட்டால் வயர் உருகும், தீப்பிடிக்கவும் கூடும்.

புதியதைப் போட்டவுடன் லீவர் நகர்ந்து, அடுத்த நாளே பியூஸ் மீண்டும் எரிந்தால், அங்கே ஒரு ஷோட் இருக்கிறது. பின்கதவின் கீலில் திறந்து மூடித் திறந்து மூடி வயரின் உறை வெடித்திருப்பது வழக்கமான ஒன்று. இன்னொன்று, அலங்காரத்துக்காகப் பின்னால் ஒட்டிய எல்.ஈ.டி. பட்டி. அதன் வயரை பிரேக் லைற் வயரோடு முறுக்கி, இன்சுலேசன் ரேப் சுற்றி விட்டிருப்பார்கள். மழையில் அது நனையும், உலோகத்தில் உரசும், பியூஸ் போகும். பிரேக் லைற்றில் கைவைத்த யாரோ ஒருவர் கியர் லீவரையும் சேர்த்துப் பூட்டிவிடுகிறார் என்பது அவருக்கே தெரிவதில்லை.

பியூஸ் நலமாக இருந்தால் சுவிச். டாஷ்போட்டின் அடியில் தலையை விட்டு, பிரேக் பெடலின் கையைப் பின்தொடர்ந்து போனால் அது தெரியும். டெஸ்ற் லாம்பின் ஒரு முனையை காரின் உலோகத்தில் கவ்விவிட்டுச் சோதித்தால், சுவிச்சின் ஒரு வயரில் எப்போதும் மின்சாரம் இருக்கவேண்டும். பெடலை மிதித்ததும் மற்ற வயரிலும் வரவேண்டும். வராவிட்டால் சுவிச் செத்துவிட்டது. நான்கு வயர் உள்ளவற்றில் இரண்டாவது இணைப்பு நேர்மாறாக இயங்கலாம் என்பதால், எந்தச் சோடி எது என்று அறிந்த மெக்கானிக் செய்வதே நல்லது. இந்தச் சுவிச் விலையுயர்ந்த பொருளல்ல. யாழ்ப்பாணத்தில் கிடைக்காவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் வரவழைத்துவிடலாம். கழற்றிய பழைய சுவிச்சை இன்னொரு காரிலிருந்து வாங்கிப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை; அதுவும் அதே வயதுதான்.

புதியதைப் பொருத்தும்போது கவனம் தேவை. பெடலுக்கும் சுவிச்சின் உடலுக்கும் நடுவே ஓரிரு மில்லிமீற்றர் இடைவெளி விடும்படி அமைக்கவேண்டும். மிக அருகே தள்ளிவிட்டால் பெடல் முழுதாக மேலே வராமல் பிரேக் உராய்ந்துகொண்டே இருக்கும். மிகத் தள்ளி விட்டால் மிதிக்காதபோதும் லைற் எரிந்து, இரவோடு இரவாகப் பற்றரி இறங்கிவிடும். பெடலில் சுவிச்சின் முனை தொடும் இடத்தில் சின்ன ரப்பர் அல்லது பிளாஸ்ரிக் அடைப்பு ஒன்று இருக்கும். அது வயதானால் பொடியாகிக் கீழே விழும். பிறகு முனை அந்த ஓட்டைக்குள் போய்விடும், காரைப் பூட்டி வீட்டுக்குள் போனபிறகும் பிரேக் லைற் எரிந்துகொண்டே இருக்கும். தரைவிரிப்பில் நீலமோ வெள்ளையோ ஆன பிளாஸ்ரிக் துண்டுகளைக் கண்டால் எறியாதீர்கள், மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பிரேக் லைற் ஒழுங்காக எரிந்தும் லீவர் பூட்டியிருந்தால் சுவிச் குற்றமற்றது. அப்போது லீவரின் அடிப்பக்கத்தைப் பார்க்கவேண்டும். கொன்சோலில் தேநீர் அல்லது சோடா ஊற்றுண்டு ஊசி ஒட்டிப்போயிருக்கலாம். லீவரின் விளிம்பால் விழுந்த நாணயமோ கச்சான் கோதோ வழியை மறித்திருக்கலாம். 'டிக்' கேட்டும் லீவர் நகராவிட்டால் இத்தகைய தடையைச் சந்தேகியுங்கள். சத்தமே கேட்காவிட்டால் காந்தத்துக்கான மின்சாரம், அதற்கான தனிப் பியூஸ், பற்றரியின் வலு என்பன அடுத்து வரும்.

முன்பு சொன்ன மற்றக் கதை இது: பொத்தான் உள்ளே போகிறது, லீவர் மட்டும் இறுகிக்கிடக்கிறது. இது மின்சாரப் பழுதல்ல. காரின் எடை கொக்கிப் பல்லின்மேல் ஏறியிருக்கிறது. குடாநாடு சமதரை என்றாலும், வீதிக்கும் வீட்டுக்கும் நடுவே வாய்க்காலைக் கடக்கும் சீமேந்துச் சரிவில் பலர் காரை நிறுத்துகிறார்கள். லீவரை P-இல் போட்டு, காலைப் பிரேக்கிலிருந்து எடுத்தபின் கை பிரேக்கை இழுக்கிறார்கள். அதற்குள் கார் ஓரங்குலம் உருண்டு பல்லின்மேல் சாய்ந்துவிடுகிறது. சரியான வரிசை இது: கால் பிரேக்கில் இருக்க, கை பிரேக்கை இழுத்து, அதன்பின் P-க்கு மாற்றி, பிறகு காலை எடுக்கவேண்டும். ஏற்கெனவே இறுகிவிட்டால் கை பிரேக்கைப் போட்டு வைத்து, இரண்டு பேர் காரைச் சரிவின் மேற்பக்கமாகத் தள்ளிப் பிடிக்க, கை பிரேக்கை விட்டு, காலால் பிரேக்கை மிதித்தபடி லீவரை நகர்த்தலாம். தள்ளுபவர்கள் காரின் பக்கவாட்டில் நிற்கவேண்டும். சரிவின் கீழ்ப்பக்கம், காருக்குப் பின்னே எவரும் நிற்கக்கூடாது.

பிறியஸ் போன்ற ஹைப்ரிட் கார்களில் P ஒரு பொத்தான். கொக்கியைப் போடுவதும் எடுப்பதும் மின்மோட்டாரே. அங்கே 12 வோல்ற் பற்றரி இறங்கிவிட்டால் P-ஐ எந்தப் பொத்தானாலும் விடுவிக்க முடியாது. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் வரும் வரை மாதக்கணக்கில் மூடிக்கிடக்கும் கார்களுக்கு இது நடக்கிறது. இதற்குத் தள்ளுதல் உதவாது. பற்றரி பின்பக்கத்தில் இருந்தாலும், பிறியஸின் முன்பக்க பியூஸ் பெட்டியில் ஜம்ப் செய்வதற்கென சிவப்பு மூடியுள்ள ஒரு முனை உண்டு. அங்கே பொசிட்டிவ்வையும், காரின் உலோகத்தில் நெகடிவ்வையும் கொடுத்தால் எழும்பும். வயரை மாறிக் கொடுத்தால் விலையுயர்ந்த மின்னணுப் பெட்டிகள் எரிந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

கடைசியாக, எல்லோரும் கேட்கும் அந்தப் பொத்தான். லீவருக்கு அருகே `SHIFT LOCK` என்று எழுதிய சின்னப் பொத்தானோ, சிறு மூடியோ இருக்கும். பல ரொயோட்டா கார்களின் கையேடு சொல்லும் முறை இப்படி: கை பிரேக்கை இழுங்கள், எஞ்சினை நிறுத்துங்கள், பிரேக்கை மிதித்துக்கொள்ளுங்கள், மூடி இருந்தால் தட்டைத் திருப்புளியால் கவனமாக நெம்பித் திறவுங்கள், பொத்தானை அழுத்தியபடி லீவரை நகர்த்துங்கள். ஹொண்டாவில் சில மொடல்களில் பொத்தானுக்குப் பதில் ஒரு துவாரம். அதற்குள் சாவியை நுழைத்து அழுத்தவேண்டும். கை பிரேக் இல்லாமல் இதைச் செய்தால் கார் உருளும், அதனால் அந்த முதல் படியை ஒருபோதும் விடாதீர்கள்.

இந்தப் பொத்தான் பூட்டைத் திருத்துவதில்லை. வீட்டிலிருந்து கராஜ் வரை கார் போய்ச் சேர்வதற்கு அது ஒரு வழி. பிரேக் லைற்றும் எரியாமல் இருந்தால் பயணம் இன்னும் குறுகியதாக இருக்கவேண்டும். பகலில், நெரிசலில்லாத நேரத்தில், பின்னால் வருபவருக்கு கையால் சைகை காட்டியபடி மெதுவாகப் போங்கள். இரவில் ஏ9-இல் பின்னால் வரும் பஸ்ஸுக்கு நீங்கள் பிரேக் போட்டது தெரியாது. பொத்தானில் ஈர்க்குக் குச்சி செருகி நிரந்தரமாக அழுத்தி வைத்து ஓட்டுவதையும், லொக் ஊசியைக் கழற்றி எறிவதையும் சில கராஜ்கள் 'தற்காலிகம்' என்று செய்து கொடுக்கின்றன. அப்படி ஒரு கார் உங்கள் வளவில் நின்றால் இந்த வாரமே சுவிச்சைப் போட்டு, பொத்தானை விடுவியுங்கள். பழைய ஓட்டோ கார் ஒன்றை வாங்கப் போகிறீர்கள் என்றால், பேரம் பேசுவதற்கு முன் சாவியை ON-க்குத் திருப்பி, பிரேக்கை மிதிக்காமல் லீவரை இழுத்துப் பாருங்கள். அது நகர்ந்தால், யாரோ அந்தப் பூட்டைக் கழற்றியிருக்கிறார்கள், அல்லது அது பழுதடைந்திருக்கிறது. திருத்தித் தரச் சொல்லிய பிறகே வாங்குங்கள்.